ரொக்க விற்பனையும் ஜி.எஸ்.டி.யும்: குறிப்பேட்டுப் பதிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கடைக்காரர்களும், புதிதாகக் கணக்கு எழுத வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் உள்ள ஒரு பாத்திரக் கடை. வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றது. மிக்சிக்கு 18 சதவீத வரி, எவர்சில்வர் பாத்திரங்களுக்கு 5 சதவீதம். பாத்திரத்துக்கு முன்பு 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. பழைய பில்லைப் பார்த்து எழுதும்போது இதை மறக்க வேண்டாம்.

மிக்சி ஒண்ணு 3,540 ரூபாய்க்கு வித்தேன். காசு கைக்கு வந்தாச்சு. பதிவு எப்படிப் போடணும்?

இந்த 3,540-க்குள் பொருளின் விலை 3,000, வரி 540. வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. பதிவு இப்படி வரும்:

| விவரம் | பற்று ரூ. | வரவு ரூ. |
|---|---|---|
| ரொக்கக் க/கு | 3,540 | |
| விற்பனைக் க/கு | | 3,000 |
| வெளியீட்டு மத்திய ஜி.எஸ்.டி. க/கு | | 270 |
| வெளியீட்டு மாநில ஜி.எஸ்.டி. க/கு | | 270 |

கீழே ஒரு வரி விளக்கம்: "பில் எண் இன்னது, மிக்சி ஒன்று ரொக்கத்துக்கு விற்றது." பில் எண் இல்லாத விளக்கம் ஆறு மாதம் கழித்து யாருக்கும் உதவாது.

காசு உள்ளே வருது. அப்போ அது வரவுதானே? ஏன் பற்றுன்னு எழுதறீங்க?

இந்தக் குழப்பம் தமிழில் படிக்கிறவர்களுக்கே உரியது. வீட்டில் வரவு செலவு எழுதும்போது உள்ளே வருவது வரவு, வெளியே போவது செலவு. இரட்டைப் பதிவில் வரவு என்ற அதே சொல்லுக்குப் பொருள் வேறு. பெறுகிற கணக்கில் பற்று வைக்கிறோம், கொடுக்கிற கணக்கில் வரவு வைக்கிறோம். கல்லா 3,540-ஐப் பெற்றுக்கொண்டது, அதனால் ரொக்கக் கணக்கில் பற்று. நான் சொல்லிக்கொடுக்கும்போது, வீட்டுக் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு வரச் சொல்வேன்.

பேங்க் பாஸ்புக்கில் பணம் போட்டால் வரவு என்று வருகிறதே என்று அடுத்து கேட்பார்கள். அது பேங்கின் புத்தகம். உங்கள் பணத்தை அவர்கள் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும், அதனால் உங்கள் பெயரில் வரவு வைக்கிறார்கள். நம் பதிவில் வரிக் கணக்குகள் வரவுப் பக்கம் நிற்பதும் இதே காரணத்தால்தான். 540 ரூபாயை நாம் அரசுக்குத் தர வேண்டியிருக்கிறது.

3,540-ம் என் கல்லாவுக்கு வந்த காசுதானே? முழுசையும் விற்பனைன்னு எழுதிட்டா என்ன?

கல்லாவுக்கு வந்தது சரி. ஆனால் 540 உங்களுடையது இல்லை. வாடிக்கையாளரிடம் அரசுக்காக வாங்கிக் கையில் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதனால் வெளியீட்டு வரிக் கணக்குகள் வருமானத்தில் சேராது. கட்டி முடிக்கும்வரை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம்தான் இருக்கும். வரி என்று வாங்கிய பணத்தை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

முழுசையும் விற்பனையில் போட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரு கடையில் பார்த்தேன். வருஷக் கடைசியில் லாபம் நன்றாக வந்திருக்கிறது என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம். விற்பனைக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், அந்த லாபத்தில் பெரும்பகுதி வரிப்பணம். மாதாமாதம் கட்டிய வரியை என்ன செய்வதென்று தெரியாமல் எழுதியவர் அதை 'இதரச் செலவு' என்று போட்டிருந்தார். பாதி மாதங்களுக்கு அதையும் போடவில்லை.

பில்லுல 3,540ன்னு மொத்தம் மட்டும்தான் இருக்கு. வரியை எப்படிப் பிரிக்கறது?

அதிகபட்ச சில்லறை விலை என்று அச்சிட்டிருப்பதில் எல்லா வரியும் அடக்கம். கடையில் சொல்கிற விலையும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். 18 சதவீதப் பொருள் என்றால் மொத்தத்தை 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 3,540 ÷ 118 × 100 = 3,000. மீதி 540 வரி. 5 சதவீதப் பொருளுக்கு 118-க்குப் பதில் 105.

பலரும் தவறுவது இங்கேதான். 3,540-க்கே 18 சதவீதம் போட்டு 637.20 என்று எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் பொருளின் விலை 2,902.80 என்று மிஞ்சும். அதற்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்கள், 522.50-தான் வரும், 637.20 வராது. பிரித்த விலைமீது மறுபடி வரி போட்டால் அதே வரி திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் பிரித்தது தப்பு.

எல்லா விலையும் இப்படி முழுசாக வகுபடாது. 18 சதவீதத்தில் 999 ரூபாய்ப் பொருள் என்றால் விலை 846.61, வரி 76.19 வீதம் இரண்டு. கூட்டினால் 998.99. அந்த ஒரு பைசாவை விற்பனையிலோ வரியிலோ திணிக்காமல் 'பைசா சரிக்கட்டு' என்று தனிக் கணக்கு ஒன்றில் வரவு வையுங்கள். வருஷம் முழுக்கச் சேர்ந்தாலும் சொற்பமாகத்தான் இருக்கும். ஆனால் பற்றும் வரவும் தினமும் சமமாக நிற்கும்.

மத்திய வரி, மாநில வரின்னு எதுக்கு ரெண்டு கணக்கு? ஜி.எஸ்.டி.ன்னு ஒண்ணு போதாதா?

போதாது. கொள்முதலில் நீங்கள் கட்டிய மத்திய வரியை மாநில வரிக்கு எதிராகக் கழிக்க முடியாது, மாநில வரியை மத்திய வரிக்கும் கழிக்க முடியாது. ஒரே கணக்கில் கலந்துவிட்டால் மாதக் கடைசியில் எதில் எவ்வளவு மிச்சம் என்று பிரிக்க மறுபடியும் எல்லா பில்லையும் எடுக்க வேண்டிவரும்.

விற்றதில் வாங்கிய வரிக்கு 'வெளியீட்டு' கணக்கு, சரக்கு வாங்கும்போது கொடுத்த வரிக்கு 'உள்ளீட்டு' கணக்கு. உள்மாநில வியாபாரத்துக்கு மொத்தம் நான்கு கணக்கு.

ஒரு நாளைக்கு எண்பது பில் போகுது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதிவா?

கையால் எழுதுகிறவர் நாள் மொத்தத்துக்கு ஒரே பதிவு போடலாம். பில்கள் தனித்தனியாக இருக்க வேண்டும், பதிவு சேர்ந்து இருக்கலாம். 200 ரூபாய்க்குக் குறைவாக வாங்குகிற, ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத வாடிக்கையாளர் பில் வேண்டாம் என்றால், அப்படிப்பட்ட விற்பனைகளுக்கெல்லாம் சேர்த்து நாள் முடிவில் ஒரே பில் போட விதி இடம் தருகிறது. பில்லே போடாமல் விட்டுவிடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நாள் மொத்தத்தை எடுக்கும்போது வரி விகிதவாரியாக எடுங்கள். ஒரு நாள் மிக்சி வகை 14,160, பாத்திரம் 8,400 போயிருக்கிறது என்று வைப்போம். முன்பு சொன்னபடி பிரித்தால் முதலாவது 12,000-மும் 2,160-ம். இரண்டாவது 8,000-மும் 400-ம்.

| விவரம் | பற்று ரூ. | வரவு ரூ. |
|---|---|---|
| ரொக்கக் க/கு | 22,560 | |
| விற்பனை 18% க/கு | | 12,000 |
| விற்பனை 5% க/கு | | 8,000 |
| வெளியீட்டு மத்திய ஜி.எஸ்.டி. க/கு | | 1,280 |
| வெளியீட்டு மாநில ஜி.எஸ்.டி. க/கு | | 1,280 |

விற்பனையை விகிதவாரியாக இரண்டு கணக்காக வைத்திருப்பதைக் கவனியுங்கள். கட்டாயம் இல்லை. ஆனால் தவறு கண்டுபிடிக்க இது எவ்வளவு உதவும் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

பாதிப் பேர் யு.பி.ஐ.லதான் போடறாங்க. அதுவும் ரொக்க விற்பனைதானா?

கடன் இல்லை, உடனே பணம் வந்துவிடுகிறது என்ற அளவில் ரொக்க விற்பனைதான். ஆனால் பணம் கல்லாவுக்கு வரவில்லை, பேங்குக்குப் போயிருக்கிறது. மேலே உள்ள 22,560-இல் 7,060 யு.பி.ஐ.யில் வந்திருந்தால், பற்றுப் பக்கம் மட்டும் இரண்டாகப் பிரியும்: ரொக்கக் கணக்கு 15,500, வங்கிக் கணக்கு 7,060. வரவுப் பக்கத்தில் எதுவும் மாறாது. பணம் எந்த வழியாக வந்தாலும் வரி அதேதான்.

பதிவுப்படி கல்லாவுல 15,500 சேர்ந்திருக்கணும். எண்ணிப் பார்த்தா 15,450தான் கூடியிருக்கு. விற்பனையை அம்பது ரூபா குறைச்சு எழுதிடலாமா?

கூடாது. பில் போட்ட அன்றே அந்த விற்பனைக்கும் வரிக்கும் நீங்கள் பொறுப்பாகிவிட்டீர்கள். சில்லறை கூடக் கொடுத்ததோ, டீ வாங்கி எழுத மறந்ததோ வரியைக் குறைக்காது. விற்பனையை முழுசாக எழுதுங்கள். அதன்பின் தனிப் பதிவாக, ரொக்கக் குறைவுக் கணக்கு பற்று 50, ரொக்கக் கணக்கு வரவு 50.

காரணம் பின்னால் தெரிந்தால் அந்த ஐம்பதை அதற்குரிய செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். குறைவு தினமும் ஒரே அளவில் வந்தால் அது சில்லறைப் பிசகாக இருக்காது.

சரக்கு கடையை விட்டுப் போயிருக்கே. சரக்குக் கணக்கு பதிவுல எங்கயும் வரலையே?

சின்னக் கடைகளில் விற்கும்போது சரக்கின் அடக்க விலையை எழுதுவதில்லை. வாங்கியதெல்லாம் கொள்முதல் கணக்கில் இருக்கும். வருஷ முடிவில் இருக்கும் சரக்கை எண்ணி மதிப்புப் போட்டு, மொத்த லாபத்தை அப்போது கண்டுபிடிப்பார்கள்.

மிக்சிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தேன். வரி 540-ஏ கட்டணுமா?

தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டினீர்களா என்பதுதான் விஷயம். காட்டியிருந்தால் தள்ளுபடி போன விலைக்குத்தான் வரி. 3,000-இல் 300 போக 2,700. வரி 243 வீதம் இரண்டு. வாங்க வேண்டியது 3,186. பதிவில் விற்பனை 2,700 என்றே வரும், தள்ளுபடிக்குத் தனிக் கணக்கு வேண்டாம்.

3,186-க்குப் பில் போட்டுக் கையில் கொடுத்தபின், "அண்ணே, மூவாயிரத்து நூத்தி எம்பதா வச்சுக்கங்க" என்று வாடிக்கையாளர் ஆறு ரூபாயைக் குறைத்துக்கொண்டு போகிறார். பில்லைத் திருத்திப் போட நேரம் இல்லை. அப்படியானால் விற்பனையும் வரியும் பில்லில் உள்ளபடியே நிற்கட்டும். பற்றுப் பக்கம் ரொக்கம் 3,180, அளித்த தள்ளுபடி 6. இந்த ஆறு ரூபாய் கடையின் செலவு. அதற்குள் இருக்கும் வரியைக் கழிக்கப் பார்க்காதீர்கள்.

மறுநாள் மிக்சியைத் திருப்பிக் கொண்டுவந்து, காசையும் வாங்கிட்டுப் போயிட்டார். பழைய பதிவை அடிச்சுடலாமா?

அடிக்கக் கூடாது. விற்பனை நடந்தது உண்மை, திருப்பி வந்ததும் உண்மை, இரண்டும் புத்தகத்தில் இருக்க வேண்டும். வரவுச் சீட்டு ஒன்று எழுதி, அதில் பழைய பில்லின் எண்ணைக் குறிப்பிட்டு, முதல் பதிவைத் தலைகீழாகப் போடுங்கள்:

| விவரம் | பற்று ரூ. | வரவு ரூ. |
|---|---|---|
| விற்பனைத் திருப்பக் க/கு | 3,000 | |
| வெளியீட்டு மத்திய ஜி.எஸ்.டி. க/கு | 270 | |
| வெளியீட்டு மாநில ஜி.எஸ்.டி. க/கு | 270 | |
| ரொக்கக் க/கு | | 3,540 |

சிலர் விற்பனைத் திருப்பத்தில் 3,540-ஐயும் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் பொருள் திரும்பி வந்தும் 540 ரூபாய் வரி கட்ட வேண்டியதாகவே புத்தகத்தில் நிற்கும். விற்ற மாதத்தின் வரி ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தாலும் பரவாயில்லை, வரவுச் சீட்டு போட்ட மாதத்தின் வரியில் இது குறையும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைக்கும்தான் இதைக் கணக்குத் தாக்கலில் காட்ட முடியும்.

இப்படிச் சேர்ந்த வரிக் கணக்கு எப்போதான் முடியும்?

அரசுக்குக் கட்டும்போது. நம் கடையில் ஒரு மாதம் 18 சதவீத விற்பனை 2,50,000, 5 சதவீத விற்பனை 3,80,000 என்று வைப்போம். வெளியீட்டு மத்திய வரி 22,500-ம் 9,500-ம் சேர்த்து 32,000. அதே மாதம் கொள்முதலில் கொடுத்த மத்திய வரி 24,500. கட்ட வேண்டியது 7,500.

| விவரம் | பற்று ரூ. | வரவு ரூ. |
|---|---|---|
| வெளியீட்டு மத்திய ஜி.எஸ்.டி. க/கு | 32,000 | |
| உள்ளீட்டு மத்திய ஜி.எஸ்.டி. க/கு | | 24,500 |
| வங்கிக் க/கு | | 7,500 |

மாநில வரிக்கும் இதே போல இன்னொரு பதிவு. மாதாமாதம் தாக்கல் செய்கிறவருக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதி கெடு. இந்தப் பதிவில் செலவுக் கணக்கு எதுவுமே வரவில்லை, பாருங்கள். வரி நம் வருமானமாக உள்ளே வரவில்லை, அதனால் நம் செலவாக வெளியேயும் போகவில்லை.

என் கடை காம்போசிஷன்ல இருக்கு. எனக்கும் இதே பதிவுதானா?

இல்லை. காம்போசிஷனில் இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது, பில்லில் வரி என்று ஒரு வரிகூட இருக்கக் கூடாது. அதனால் பதிவு எளிது: ரொக்கம் பற்று 3,540, விற்பனை வரவு 3,540.

வரி கட்டாமல் தப்பிக்க முடியாது, விற்பனையில் 1 சதவீதம் கடை தன் கையிலிருந்து கட்ட வேண்டும். 3,540-க்கு 35.40. இது உண்மையிலேயே கடையின் செலவு, காலாண்டுக்கு ஒருமுறை மொத்தத்துக்கும் சேர்த்து வரிச் செலவு என்று எழுதலாம். கொள்முதலில் கொடுத்த வரியையும் கழிக்க முடியாது, அது கொள்முதல் விலையிலேயே சேர்ந்துவிடும்.

புதுச்சேரிக்காரர் ஒருத்தர் நம்ம கடைக்கே நேர்ல வந்து வாங்கினார். எந்த வரி போடறது?

அவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்றால், பில்லில் அவருடைய முகவரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் விதி அப்படி. முகவரி எழுதாவிட்டால் விற்றவரின் ஊர்தான் கணக்கு. பதிவு முதல் கேள்வியில் உள்ளது போலவே 270, 270. பில்லில் புதுச்சேரி என்று எழுதிவிட்டால், மாநிலத்தின் பெயர் மட்டும் இருந்தாலே போதும், மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை ஆகிவிடும். அப்போது இரண்டு வரிக் கணக்குக்குப் பதில் 'வெளியீட்டு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.' என்ற ஒரே கணக்கில் 540 வரவு.

வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் கவுண்டரில் யாரும் கவனிப்பதில்லை. பதிவு எழுதும்போது மாநிலப் பெயர் இருக்கிற பில்களைத் தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். மதிப்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ போனால் பெயரும் முகவரியும் எழுதியே ஆக வேண்டும் என்பதால், பெரிய பில்களில் இது நிச்சயம் வரும்.

மாசக் கடைசியில பதிவெல்லாம் சரியா இருக்கான்னு சீக்கிரமா பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது. இதற்காகத்தான் விற்பனையை விகிதவாரியாகப் பிரித்து வைக்கச் சொன்னேன். 18 சதவீத விற்பனைக் கணக்கின் மீதியில் 9 சதவீதம், 5 சதவீத விற்பனைக் கணக்கின் மீதியில் 2.5 சதவீதம், இரண்டையும் கூட்டினால் வெளியீட்டு மத்திய வரிக் கணக்கின் மீதி வர வேண்டும். நம் கடைக்கு அது 32,000. மாநில வரிக்கும் அதே எண். பைசாக்கள் வித்தியாசப்படலாம், ரூபாய் நூற்றுக்கணக்கில் வித்தியாசப்பட்டால் ஏதோ ஒரு பில் விகிதம் மாறிப் போயிருக்கிறது. மாதத்தில் திருப்பமோ புதுச்சேரி மாதிரி பில்லோ இருந்தால், அவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மத்திய வரிக்கும் மாநில வரிக்கும் மீதி வேறுபட்டால் தேடுவது இன்னும் சுலபம். அந்த வித்தியாசம் எவ்வளவோ, மத்திய வரியோ மாநில வரியோ அதே தொகையாக உள்ள பில்லை முதலில் தேடுங்கள், இரண்டில் ஒன்றை எழுத விட்டுப்போயிருக்கும். அப்படி ஒரு பில் இல்லை என்றால் வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடுங்கள், அது ஒரே கணக்கில் இரண்டு முறை ஏறி, மற்றதில் ஏறாமல் போயிருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தும் தாக்கலில் காட்டும் விற்பனை குறைவாக வந்தால், டாலியில் எழுதுகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். கையில் காசு வந்ததே என்று சிலர் ரொக்க விற்பனையை F6 ரசீதில் போட்டுவிடுகிறார்கள். ரொக்க விற்பனையானாலும் F8 விற்பனை வவுச்சரில், பார்ட்டி இடத்தில் Cash என்று கொடுத்துத்தான் போட வேண்டும். ரசீதில் போட்டால் பேரேட்டில் பணம் சரியாக இருக்கும், ஆனால் அந்த விற்பனை ஜி.எஸ்.டி.ஆர்-1 அறிக்கைக்குள் வந்து சேராது.